எண்பது பவுண்டில் இரண்டு சாட்சி

ஜீவமணி அண்ணாச்சியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தூத்துக்குடி முழுக்க வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. இடி இடித்தால் பயம். நாய் குரைத்தால் பயம். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்து, கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட்டதில்லை. இத்தனை பயத்தையும் சுமந்துகொண்டு அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? துறைமுகச் சாலையில் இருந்த எங்கள் லாரி ஷெட்டில், ஏழு உப்பு லாரிகளுக்கும் டயர் மாட்டிக் காற்றுப் பிடிக்கிற வேலை.

அது பயப்பட வேண்டிய வேலைதான். லாரிச் சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்துவதற்கு லாக் ரிங் என்று ஓர் இரும்பு வளையம் உண்டு. அது சரியாக உட்காராமல் காற்று ஏறிவிட்டால், தெறித்து வந்து எதிரில் நிற்பவன் தலையை எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அண்ணாச்சி காற்றடிக்கும்போது சக்கரத்தில் இரண்டு சுற்று சங்கிலி கட்டுவார், பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நிற்பார், எங்களையும் விரட்டுவார். சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் குழாயைத் திறப்பார். டிரைவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் அங்கே புக்கிங் கிளார்க். எந்த வண்டி எந்த உப்பளத்தில் ஏற்றி எந்த ஊருக்குப் போகிறது என்று சீட்டு எழுதுகிறவன். சிரிப்பதற்கு நேரம் நிறைய இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஏப்ரல் மாதம். காலை எட்டு மணிக்கே தகரக் கூரை அனல் கக்கியது. அன்றைக்கு மதுரைக்குப் போகிற வண்டி பவுலுடையது. பவுல் அண்ணாச்சிக்கு மருமகன். ஒரே மகள் கிருபையைத்தான் கட்டியிருந்தான். கிளீனருக்குக் காய்ச்சல் என்பதால் கேபினில் இடம் இருந்தது. மதுரையில் பவுலின் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம்; அதற்குப் போக கிருபையும் கூடையும் பையுமாக வந்து நின்றாள். ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று பவுல் சொல்லியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து அம்புரோஸ் வந்தார். கப்பலில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். எங்கள் முதலாளி சிவசுப்பிரமணியனுக்குப் பால்ய சிநேகிதர். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வெளிநாட்டுச் சாமானைக் கொண்டுவந்து முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு எங்கள் வாய் பிளப்பதை ரசிப்பார். இந்தத் தடவை சட்டைப் பையிலிருந்து எடுத்தது, உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்று.

"டயர்ல காத்து அளக்குத கேஜுவே இது. முள்ளும் கிடையாது, குச்சியும் கிடையாது. வால்வுல வச்சு அமுக்குனா நம்பராவே காட்டும். ஜப்பான்காரன் இப்பத்தான் வெளிய விட்டிருக்கான்."

பொத்தானை அழுத்தினார். சின்னக் கண்ணாடிக்குள் ரத்தச் சிவப்பில் 0.0 என்று எரிந்தது. ஷெட்டே கூடிவிட்டது.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு கேஜ் இருந்தன. ஒன்று பென்சில் கேஜ். பென்சில் பருமனில் பித்தளைக் குழல். வால்வில் அழுத்தினால் காற்று உள்ளே ஸ்பிரிங்கைத் தள்ளி, கோடு போட்ட தண்டு ஒன்றை வெளியே எட்டிப்பார்க்க வைக்கும். எந்தக் கோடு வரை வருகிறதோ அத்தனை பவுண்டு. பத்து வருஷமாக அண்ணாச்சி காதில் செருகியிருந்தது அதுதான். மற்றது டயல் கேஜ், கடிகாரம் மாதிரி வட்ட முகமும் முள்ளும் உள்ளது, கம்ப்ரசர் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதற்கு ஒரு கோளாறு. சும்மா தொங்கும்போதும் முள் பூஜ்யத்துக்கு வராமல் பத்தில் நிற்கும். "வேலை பாக்காமலே பத்து பவுண்டு வாங்குதான், அரசாங்க உத்தியோகம்" என்று நாங்கள் கேலி பேசுவோம். கடல் காற்றுக்கு முள் கொஞ்சம் கிறங்கிவிட்டது, டயருக்குப் பிடிக்கிற எண்பதில் சரியாகத்தான் காட்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். சுழித்த முகத்தோடு சொல்வார். அதை அன்றைக்கு யார் கவனித்தார்கள்.

"மூணையும் ஒரே டயர்ல வச்சுப் பாத்துருவோமே" என்றார் முதலாளி.

பவுல் வண்டியின் முன்பக்க இடது டயரைத் தேர்ந்தெடுத்தோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, டயர் குளிர்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி எண்பது பவுண்டு பிடித்து வைத்திருந்தார். முதலில் பென்சில்: எண்பது. பிறகு டயல்: எண்பது. பிறகு அம்புரோஸ் தன் பெட்டியை வால்வில் அழுத்தினார்.

70.2.

"சாஞ்சு வச்சிருப்பீரு, காத்து ஒழுகியிருக்கும்" என்றார் முதலாளி. மறுபடியும் நேராக, சத்தமே வராமல் வைத்தார்கள். 70.1. மறுபடியும் பென்சில், எண்பதைவிட ஒரு மயிரிழை கம்மி. டயல், எண்பது. பெட்டி, 70.0. வலது டயரிலும் இதே கதை.

முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். "ரெண்டு சாட்சி ஒண்ணு போல சொல்லுதான். ஒருத்தன் மட்டும் மாத்திச் சொல்லுதான். கோர்ட்டுல எவன் சொல்லு எடுபடும்? வே அம்புரோஸ், உம்ம ஜப்பான்காரன் பொய்ச்சாட்சிவே!"

எல்லோரும் சிரித்தோம். அம்புரோஸ் முகம் சிறுத்துப்போய்ப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டார். கிருபை அப்பாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுக் கேபினில் ஏறினாள், இடது பக்க இருக்கையில். வண்டி உப்பளத்துக்குச் சரக்கு ஏற்றக் கிளம்பியது. மணி எட்டரை.

ஜீவமணி அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு என் மேஜைக்கு வந்தார். காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பேயைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கிறாரே என்று கேலி பேச வாயெடுத்தேன்.

"ரத்தினம், ஒரு தப்பு பண்ணிட்டேன்டே" என்றார். "அந்த டயல் கேஜு இருக்குல்லா, ரெண்டு வருசத்துக்கு முன்ன எங்கையில இருந்து கீழ விழுந்திட்டு. முள்ளு கழண்டு போச்சு. மொதலாளி ஏசுவாருன்னு பயந்து யாருகிட்டயும் சொல்லல. நானே முள்ள எடுத்து மாட்டுனேன்."

"மாட்டுனா என்ன?"

"எங்கன மாட்டணும்னு எனக்கு எப்படித் தெரியும்? பென்சில வச்சு ஒரு டயர எண்பதுக்குக் கொண்டாந்தேன். அதுல டயல மாட்டிக்கிட்டு, முள்ள எண்பதுல வச்சு அமுக்கிட்டேன். அன்னையிலருந்து ரெண்டும் ஒத்துப்போவுது."

எனக்கு அரை நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. இரண்டு சாட்சி இல்லை. ஒரே சாட்சிதான். பென்சில் சொன்னதை டயல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பென்சில் பொய் சொன்னால் டயலும் அதே பொய்யைச் சொல்லும், நாம் இரண்டு வருஷமாக அதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

அப்படியானால் எழுபது என்ற சிவப்பு நம்பர்தான் உண்மையா? எண்பது இருக்க வேண்டிய டயரில் எழுபது. அதன் மேல் அளவுக்கு மீறி ஏற்றின உப்பு. மேலே ஏப்ரல் வெயில். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும்; நசுங்கி நிமிரச் சூடேறும்; சூடேறச் சூடேற உள்ளே நூல் விட்டுப்போகும். பிறகு ஓர் இடத்தில் வெடிக்கும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் சொல்வதைக் கேட்காது.

"உப்பளத்துக்குப் போயி வண்டிய நிப்பாட்டிருவோம்டே" என்றார். இட்லிப் பொட்டலத்தை மேஜையில் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அப்போதே போயிருக்க வேண்டும். நான்தான் தடுத்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எது சரி என்று தெரியாமல் சரக்கு ஏறின வண்டியை நிறுத்தினால் முதலாளி இருவர் தோலையும் உரிப்பார், புதுச் சாமான்கூடத் தப்பாக இருக்கலாம், பேட்டரி போயிருக்கலாம், முதலில் உறுதி செய்துகொள்வோம் என்றேன். வண்டி ஏற்றிக் கிளம்பப் பன்னிரண்டு ஆகிவிடும் என்று சீட்டு எழுதுகிறவன் தோரணையில் சொன்னேன். துறைமுக ஒர்க்ஷாப்பில் கிரேன்களின் மீட்டர்களைச் சோதிக்கிற இடம் இருந்தது. அங்கே இருந்த சுதர்சனம் எனக்குப் பழக்கம், ஸ்ரீவைகுண்டத்துக்காரர். முதலாளியிடம் விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, மூன்று கேஜ்களையும் துண்டில் சுற்றி அண்ணாச்சி மடியில் வைத்துக் கிளம்பினேன். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பயம். என் இடுப்பைப் பிடித்த பிடியில் மூச்சு முட்டியது.

சுதர்சனம் எதையும் அவசரமாகச் செய்யத் தெரியாத மனிதர். நாமம் வியர்வையில் கலையாமல் அத்தனை நிதானமாக நடப்பார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"ஒண்ணை ஒண்ணோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியும், எது சரின்னு தெரியாது. அதுக்கு நாலாவதா ஒண்ணு வேணும்" என்று ஒரு பெரிய டயல் மீட்டரைக் காட்டினார். "இதை இந்த வாரம்தான் எடைக்கல் வச்சுச் சோதிச்சேன். எடைக்கல்லுக்கு ஸ்பிரிங் கிடையாது, தளராது."

ஒரு சிறு காற்றுத் தொட்டி. அதன் ஒரு பக்கம் அந்த மீட்டர், மறுபக்கம் டயர் வால்வு போல ஒரு வால்வு. தொட்டியில் எத்தனை காற்றோ அதையே மீட்டரும் எங்கள் கேஜும் பார்க்கும். முதலில் மூன்றையும் வெறும் காற்றில் பிடித்துப் பார்த்தார். பெட்டி 0.0. பென்சிலின் தண்டு முழுக்க உள்ளே. டயலின் முள் பத்தில்.

"இது என்ன, ஒண்ணுமே இல்லாத இடத்துல பத்து காட்டறது?" என்றார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

தொட்டியில் நாற்பது பவுண்டு வைத்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை வைத்துப் பார்த்தார். ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம், மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் பேச்சு என்றார். ஒவ்வொரு தடவையும் கசிகிற காற்றை ஈடுகட்டி மீட்டரை மறுபடி நாற்பதுக்குக் கொண்டுவந்தார். எனக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அண்ணாச்சி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பதில் பென்சில் நாற்பத்தாறு காட்டியது. டயல் ஐம்பது காட்டியது. பெட்டி 40.1.

"இங்கே உங்க ரெண்டு சாட்சியுமே ஒத்துப்போகலையே" என்றார் சுதர்சனம்.

எழுபதுக்கு ஏற்றினார். பென்சில் எண்பது. டயல் எண்பது. பெட்டி 70.2. எங்கள் ஷெட்டில் காலையில் பார்த்த அதே காட்சி. எண்பதுக்கு ஏற்றினார். பென்சிலின் தண்டு தொண்ணூற்றொன்றைத் தாண்டி வந்தது. டயல் தொண்ணூறு. பெட்டி 80.3.

"பென்சிலோட ஸ்பிரிங் தளர்ந்துடுத்து. தளர்ந்தா அதே காத்துக்குத் தண்டு அதிகமா வெளியே வரும். காத்து ஏற ஏறத் தப்பும் ஏறும். டயல்ல அப்படி இல்லை, எங்க பார்த்தாலும் சரியா பத்து கூட. யாரோ முள்ளைத் தள்ளி வச்சிருக்கா. எழுபதுல மட்டும் ரெண்டு தப்பும் ஒரே அளவா வந்து நிக்கறது. இந்தப் புதுசுதான் எல்லா இடத்துலயும் சரி."

அண்ணாச்சி மூன்று கேஜ்களையும் துண்டில் வாரிச் சுற்றினார். அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

உப்பளத்துக்குப் போனபோது மணி பதினொன்றரை. உப்பு அம்பாரம் கண்ணைக் கூசவைத்தது, வண்டியைக் காணோம். மேஸ்திரி சொன்னான்: "பவுலா? ஆளு நெறைய இருந்தாக, சட்டுன்னு ஏத்திட்டோம். அவன் போயி முக்கா மணி நேரம் ஆச்சே."

பன்னிரண்டு ஆகும் என்று சொன்ன வாயை என்ன செய்வது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி எட்டயபுரம் சாலையில் வண்டியை விரட்டினேன். சாலையோரம் கிழிந்த டயர்த் துண்டு கிடந்தால் பின்னால் இருந்த அண்ணாச்சியின் விரல்கள் என் வயிற்றில் பதியும். அப்படி மூன்று இடத்தில் கிடந்தது. ஒவ்வொரு இடத்திலும் வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தை எட்டிப்பார்த்தோம். கருவேலம் புதரைத் தவிர ஒன்றுமில்லை. எதிரே வந்த லாரிக்காரர்களின் முகத்தைப் பார்த்தேன். வழியில் ஏதாவது பார்த்தவர்கள் என்றால் கையைக் காட்டுவார்கள். ஒருவரும் காட்டவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

"பவுலு வழில காத்த இறக்குவான்டே" என்றார் திடீரென்று, காதுக்குப் பக்கத்தில்.

எனக்கும் அது தெரியும். எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வெயிலில் டயர் கொதித்தால் நிறுத்தி, வால்வில் ஆணியை வைத்துக் கொஞ்சம் காற்றை விடுவார்கள். சூட்டில் காற்றுப் பெருகிவிட்டது, இறக்காவிட்டால் வெடிக்கும் என்பது அவர்கள் சாஸ்திரம். உண்மையில் டயர் கொதித்ததே காற்றுக் குறைச்சலால். இறக்க இறக்க இன்னும் நசுங்கும், இன்னும் கொதிக்கும். இப்போதே எழுபது. அதிலும் இறக்கினால்?

எட்டயபுரத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டியைப் பார்த்தேன். சாலையோரப் புளியமரத்தடியில், எல்லாச் சக்கரத்திலும் நேராக நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிருபை மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பவுல் முன்பக்க இடது சக்கரத்தின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் ஆணி. காற்று சீறுகிற சத்தம் கேட்டது.

"ஏலே! தொடாதலே! கைய எடு!"

அது ஜீவமணி அண்ணாச்சியின் குரல் என்று எனக்கே விளங்கவில்லை. ஓடுகிற மோட்டார் சைக்கிளிலிருந்து குதித்தார். விழுந்தார். முழங்கால் தோல் பெயர்ந்த ரத்தத்தோடு ஓடிப்போய்ப் பவுலைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்.

"என்ன மாமா? டயர் ரொம்பச் சூடாருக்கு, செத்தக் காத்து விட்டேன். குறுக்குச்சாலையிலயும் விட்டேன், அப்பயும் அடங்கல."

"அடங்காதுலே. அது காத்து இல்லாம கொதிக்கி."

பெட்டியை வைத்துப் பார்த்தோம். கொதிக்கிற சூட்டிலேயே 71.4. ஆறினால் அறுபதுக்கும் கீழே போகும். பவுல் அதைப் பார்த்துவிட்டு, "ஊதிட்டுப் போயிருவோமே, எதுத்தாப்புல பங்க்சர் கடை இருக்குல்லா" என்றான்.

"முடியாது" என்றார் அண்ணாச்சி. "காத்துக் கொறஞ்சு ஓடுன டயர அப்படியே ஊதக் கூடாது. உள்ள என்ன ஆயிருக்கோ, லாக் ரிங் எடம் பெயர்ந்திருக்கோ, யாருக்குத் தெரியும்? கழத்திப் பாக்காம ஊத விடமாட்டேன்."

எல்லா டயரும் கை பொறுக்கிற அளவுக்கு ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பங்க்சர் கடைக்காரர் ஜாக்கி கொடுத்தார். அண்ணாச்சி இடது சக்கரத்தைக் கழற்றி, வால்வுக்குள் இருந்த ஊசியை எடுத்து, கடைசி மூச்சுவரை காற்றை விட்டு, குச்சியை விட்டுப் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் லாக் ரிங்கை நெம்பினார். டியூபை உருவியபோது அதோடு கறுப்புப் பொடி கொட்டியது. அரைத்த மிளகு மாதிரி இருந்தது. உள்ளே இருந்த ரப்பர்தான் தேய்ந்து பொடியாகியிருந்தது. டயருக்குள் கையை விட்டுத் தடவினார். ஓர் இடத்தில் கை நின்றது.

"இங்கன தொட்டுப் பாருடே."

பக்கச் சுவரின் உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு நூல் விட்டுத் தனியாக வந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். பழுத்த பழம் மாதிரி உள்ளே போனது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பவுலும் தொட்டுப் பார்த்தான். அவன் எழுந்து சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

ஸ்டெப்னியைப் போட்டோம். வலது சக்கரத்தையும் பிரித்துப் பார்த்தோம், அது நன்றாக இருந்தது. அண்ணாச்சி சங்கிலி கட்டினார், எல்லோரையும் மரத்துக்கு அந்தப் பக்கம் விரட்டினார், காற்றடித்தார். பின்சக்கரங்களில் காற்றை இறக்கவில்லை என்று பவுல் சத்தியம் செய்த பிறகு அவற்றையும் நிரப்பினார். ஆறு டயரும் பெட்டிக் கணக்குப்படி நிறைந்தன. கேலி பேச அன்றைக்கு ஆள் இல்லை.

கிருபை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள், "என்னப்பா ஆச்சு? யாரு செஞ்ச தப்பு இது?"

நான் ஏதாவது பூசி மெழுகலாம் என்று பார்த்தேன். அண்ணாச்சி விடவில்லை. கேஜ் விழுந்தது, முள்ளை மாட்டினது, சொல்லாமல் இருந்தது எல்லாவற்றையும் மகளுக்கு முன்னால் நின்று சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதுபோல ஒன்றுவிடாமல் சொன்னார்.

"மொதலாளிக்குப் பயந்தேன் மக்ளே. இடிக்குப் பயந்தேன், நாய்க்குப் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒண்ணுக்கு மட்டும் பயப்படாம இருந்திட்டேன்."

"நீங்க காத்துப் பிடிச்ச வண்டின்னுதாம்ப்பா பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறுனேன்" என்றாள் கிருபை. "எங்கப்பா பயந்தாங்கொள்ளி, அவரு பாத்த டயர் ஒருநாளும் வெடிக்காதுன்னு வழியெல்லாம் இவுககிட்ட சொல்லிச் சிரிச்சிட்டு வந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் சாதாரணமாகச் சொன்னாள். அண்ணாச்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"இப்பச் சரியாருக்கு கிருபை, நம்பருலயே காட்டுது, நீயே பாரு" என்று பவுல் பெட்டியை நீட்டினான். முன்பக்க இடது டயரில் 80.2. அவள் பார்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் பஸ்ஸுல வாரேன்" என்றாள் மெதுவாக.

அருப்புக்கோட்டை வழி மதுரை போகிற பஸ் வந்தபோது அண்ணாச்சியே நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். கூடையைத் தூக்கிக் கொடுத்தார். அவள் ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் கிளம்பியதும் ஷெட்டுக்குத் திரும்பலாம் என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். மற்ற ஆறு வண்டிகளையும் நிறுத்தியாக வேண்டும். "வாங்க அண்ணாச்சி" என்றேன்.

"நீ போயி ஒண்ணுவிடாம நிப்பாட்டு. மொதலாளிகிட்ட நான் சொன்னதா எல்லாத்தையும் சொல்லிரு" என்றார். "நான் பவுலோட போறேன்."

"எதுக்கு? அதான் டயர் சரியாயிட்டே."

அவர் லாரியைச் சுற்றிப்போய் கிருபை உட்கார்ந்திருந்த இடது பக்கக் கதவைத் திறந்து, ரத்தம் காய்ந்த முழங்காலை மடக்கிச் சிரமப்பட்டு ஏறினார். ஸ்டெப்னி போட்ட சக்கரம் நேர் கீழே இருந்தது. உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸுக்குப் பின்னாடியே போ" என்று பவுலிடம் சொன்னார்.